ஈயம் பூசிய போசியும் இளகிய நுரையும்: ஒரு மக்ரூன் அடுப்படியில் வெண்கருப் புரதம் நடந்துகொண்ட விதம்

கோபிச்செட்டிபாளையத்தை அடுத்த ஓர் ஊரில் உள்ள சிறிய பேக்கரியில், சித்திரை மாதத்தில் மூன்று வாரங்களாக முந்திரி மக்ரூன் சரியாக அமையவில்லை. தூத்துக்குடியில் பிறந்த அந்தப் பண்டத்துக்கு முட்டை வெண்கரு, சர்க்கரை, முந்திரித் தூள் ஆகிய மூன்றே பொருள்கள் போதும். ஆயினும் வெண்கரு நுரை நிலைத்து நிற்கவில்லை என்றால் அந்த மூன்றும் சேர்ந்து கூம்பாக நிற்காமல் தட்டையாகப் பரவிவிடும். இங்கே நடந்ததும் அதுவே. சில நாள்களில் கூம்புகள் உச்சி மடிந்து அமர்ந்தன. சில நாள்களில் அடியில் பாகு போன்ற ஈரம் கசிந்து காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது. இடையிடையே சில நாள்களில் எல்லாம் நன்றாகவே வந்தது. கடையின் உரிமையாளர், கல்லூரியில் உணவு வேதியியல் கற்பிக்கும் என்னை உறவுமுறையில் அறிந்தவர். "ஏனுங்க அக்கா, நாமக்கல்லுல இருந்து வர்ற முட்டையில ஏதாச்சும் கலப்படம் இருக்குமுங்களா?" என்று கேட்டபடிதான் அவர் இந்தச் சிக்கலை என்னிடம் கொண்டுவந்தார்.

முட்டையில் கலப்படம் எதுவும் இல்லை. ஆனால் முட்டையின் வயதுக்கும் இந்தச் சிக்கலுக்கும் தொடர்பு இருந்தது என்பது பிறகு தெரிந்தது. அன்று நான் முதலில் பார்த்தது நுரையைத்தான். மாவு பிசையும் பெரிய இயந்திரத்தில் கம்பிக்கூடு மாட்டி, ஓர் அட்டை முட்டையின், அதாவது முப்பது முட்டைகளின், வெண்கருவை உதவியாளர் அடித்துக்கொண்டிருந்தார். நுரை விறைத்து நிற்கும் நிலையை எட்டியதும் அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. முந்திரித் தூளைச் சலிக்கப் போய்விட்டு, ஏறத்தாழ மூன்று நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார். அதற்குள் நுரையின் பளபளப்பு மங்கியிருந்தது. கரண்டியால் எடுத்தால் வழுக்கிக்கொண்டு வராமல், பிய்த்த பஞ்சு போலத் துண்டு துண்டாக வந்தது. பாத்திரத்தின் அடியில் கலங்கிய நீர் தேங்கியிருந்தது. வெண்கருவை அளவுக்கு மீறி அடித்ததற்கு இந்த மூன்றும் சேர்ந்த தோற்றமே சரியான அடையாளம். மஞ்சள் கரு கலந்து கெட்ட நுரை இப்படி இருக்காது; அது முதலிலிருந்தே எழும்பாமல் சளசளவென்று கிடக்கும்.

இந்த இடத்தில் புரதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெண்கருவில் பத்தில் ஒன்பது பங்கு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி புரதம். அந்தப் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின் என்ற ஒற்றை வகை. ஒரு நீண்ட நூலைச் சுருட்டி உருண்டையாக்கி வைத்தது போல ஓவால்புமின் மூலக்கூறு மடிந்து கிடக்கிறது. நீரை விரும்பாத பகுதிகள் உருண்டையின் உள்ளே மறைந்திருக்கும்; நீரோடு ஒத்துப்போகும் பகுதிகள் வெளியே இருக்கும். கம்பிக்கூடு காற்றை உள்ளே அடித்துச் செலுத்தும்போது நீருக்கும் காற்றுக்கும் இடையே புதிய பரப்பு உருவாகிறது. அந்தப் பரப்பை அடையும் புரத உருண்டை அவிழத் தொடங்குகிறது. நீரை விரும்பாத பகுதிகள் காற்றின் பக்கமாகத் திரும்புகின்றன. அவிழ்ந்த நூல்கள் பக்கத்து நூல்களைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு காற்றுக் குமிழியைச் சுற்றியும் மெல்லிய வலை பின்னுகின்றன. நாம் நுரை என்று சொல்வது இந்த வலையையும் அது பிடித்து வைத்திருக்கும் நீரையும்தான்.

வலையில் முடிச்சுகள் போதவில்லை என்றால் நீர் வழிந்து இறங்கி நுரை அமுங்கிவிடும். முடிச்சுகள் மிகுந்துவிட்டாலோ வேறு வகையான கேடு நேரும்: நூல்கள் ஒன்றையொன்று இறுக்கி இழுத்து, இடையில் இருந்த நீரை ஈரத் துணியைப் பிழிவதைப் போல வெளியே தள்ளிவிடும். பஞ்சுத் துண்டுகளும் அடியில் தேங்கிய நீரும் அப்படி வந்தவையே. முடிச்சுகளில் பல வகை உண்டு. பெரும்பாலானவை பலவீனமானவை, அவை அவிழவும் மீண்டும் சேரவும் கூடியவை. ஒரு வகை மட்டும் வலிமை மிகுந்தது. ஓவால்புமின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் கந்தக அணுவோடு ஹைட்ரஜன் சேர்ந்த -SH முனைகள் நான்கு உள்ளன. முட்டைக்குள் இருக்கும்போது அவை உருண்டையின் உள்ளே ஒளிந்திருப்பதால் யாருக்கும் தொல்லை தருவதில்லை. புரதம் அவிழும்போது அவை வெளிப்பட்டு, பக்கத்து மூலக்கூறின் கந்தகத்தோடு கூடி, கந்தகம்–கந்தகம் என்ற பிணைப்பை உண்டாக்குகின்றன. இந்தப் பிணைப்பு சாதாரண அடியில் அறுந்து மீண்டும் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது அன்று. அடிக்க அடிக்க இதன் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. விறைத்த நுரைக்கும் உடைந்த நுரைக்கும் இடையே நமக்குக் கிடைக்கும் கால இடைவெளியை இதுதான் குறுக்கிவிடுகிறது.

ஆகவே அந்த உதவியாளரின் மூன்று நிமிடக் கவனக்குறைவே முழுக் காரணம் என்று முடித்துவிடலாம் போலத் தோன்றியது. ஆனால் நன்றாக வந்த நாள்களிலும் அவர் அப்படித்தான் போய் வந்திருக்கிறார் என்று உரிமையாளர் சொன்னார். அதனால் முட்டை அட்டைகளைப் பார்த்தேன். அடுமனைச் சுவரை ஒட்டி, வெப்பம் நேரடியாகப் படும் இடத்தில் அவை அடுக்கப்பட்டிருந்தன. புதிதாக வந்தவற்றை மேலே வைத்து மேலிருந்தே எடுத்ததால், அடியில் இருந்த அட்டைகள் பத்து நாளுக்கும் மேலாக அங்கேயே இருந்தன. கேடு நேர்ந்த நாள்கள் பெரும்பாலும் அடி அட்டைகள் உடைக்கப்பட்ட நாள்களாகவே இருந்தன.

இட்ட சில மணி நேரத்தில் வெண்கருவின் பிஎச் அளவு 7.6 முதல் 7.9 வரை இருக்கும். அதில் கரைந்துள்ள கரியமில வாயு ஓட்டின் நுண்துளைகள் வழியாக நாள்தோறும் வெளியேறுகிறது. வெப்பம் கூடினால் வேகமும் கூடும். வாயு வெளியேற வெளியேற வெண்கரு காரத்தன்மை பெற்று, பிஎச் 9க்கு மேல் போய்விடும். சமையலறையில் நாம் கையாளும் உணவுப் பொருள்களில் இந்த அளவுக்குக் காரத்தன்மை கொண்டது வேறு ஏதேனும் உண்டா என்று தேடினால் கிடைப்பது அரிது. நான் கொண்டுபோயிருந்த பிஎச் தாளை மேல் அட்டை முட்டையின் வெண்கருவில் நனைத்தபோது 8ஐ ஒட்டிய நிறம் வந்தது. அடி அட்டை முட்டையில் 9க்கும் மேலான நிறம் வந்தது.

இந்த ஓர் எண் வேறுபாடு ஏன் அவ்வளவு பெரிது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். -SH முனை அப்படியே இருக்கும்வரை சோம்பலானது. அதிலிருந்து ஹைட்ரஜன் அயனி பிரிந்து, கந்தகம் எதிர்மின்னூட்டம் பெற்ற பிறகே அது விரைந்து வினைபுரிகிறது. சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக முனை ஏறத்தாழ பிஎச் 8.3இல் பாதியளவு இப்படிப் பிரிந்திருக்கும். புரதத்துக்குள் அக்கம்பக்கத்தைப் பொறுத்து இந்த எண் சற்று நகரலாம் என்றாலும் கணக்கின் போக்கு மாறாது. பிஎச் 9.3இல் நூற்றில் தொண்ணூறு முனைகள் வினைக்கு ஆயத்தமாக நிற்கும். 7.3க்கு இறங்கினால் நூற்றில் ஒன்பதுதான். 6.3இல் நூற்றில் ஒன்று. 5.5இல் ஆயிரத்துக்கு ஓரிரண்டு மட்டுமே. அதாவது பழைய முட்டையில் கந்தகப் பிணைப்புகள் உருவாகும் வாய்ப்பு உச்சத்தில் இருக்கிறது. கொஞ்சம் அமிலம் சேர்த்தால் அந்த வாய்ப்பு பல மடங்கு சுருங்கிவிடுகிறது. வெண்கரு நுரையில் சேர்க்கப்படும் கிரீம் ஆஃப் டார்டர் என்ற அமிலத் தூள் செய்யும் முதன்மையான வேலை இதுவே.

கிரீம் ஆஃப் டார்டர் என்ற பெயரைக் கேட்டு அதைப் பாலேடு வகை என்று நினைப்பவர்கள் உண்டு. அது பொட்டாசியம் ஹைட்ரஜன் டார்ட்ரேட் என்ற வெள்ளைத் தூள். திராட்சை மது முதிரும் பீப்பாய்களின் உட்சுவரில் படிகமாகப் படிவதைத் தூய்மைப்படுத்திப் பெறுகிறார்கள். நம் புளியில் உள்ள புளிப்பும் இதே டார்டாரிக் அமிலத்தால் வருவதுதான். புளிக்கரைசலை வெண்கருவில் விட்டாலும் வேதியியல் வேலை நடக்கும். ஆனால் நிறமும் மணமும் பண்டத்தைக் கெடுத்துவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை.

சோதனைக்கு அடி அட்டை முட்டைகளையே எடுத்துக்கொண்டோம். நான்கு வெண்கரு, ஏறத்தாழ 130 கிராம், எவர்சில்வர் பாத்திரத்தில் தனியாக. இன்னொரு நான்கு வெண்கருவில் 2 கிராம் கிரீம் ஆஃப் டார்டர். ஒரு வெண்கருவுக்கு அரை கிராம், அதாவது கால் தேக்கரண்டியில் பாதி, என்பது வழக்கமான அளவு. கலந்த பிறகு பிஎச் தாள் 5க்கும் 6க்கும் இடைப்பட்ட நிறத்தைக் காட்டியது. இரண்டையும் ஒரே கைமிக்சரால் ஒரே வேகத்தில் அடித்தோம். தனி வெண்கரு நான்கு நிமிடத்தில் விறைத்தது. டார்டர் சேர்த்தது ஐந்தரை நிமிடம் எடுத்துக்கொண்டது. "இது மெதுவா வருதுங்களே அக்கா" என்று உரிமையாளர் முகம் சுளித்தார். மெதுவாக வருவது இயல்பே. பிணைப்புகள் தாமதமாக உருவாவதன் வெளித்தோற்றம் அது. இருவகை நுரையையும் விறைத்த பிறகு வேண்டுமென்றே இரண்டு நிமிடம் கூடுதலாக அடித்தபோதுதான் பயன் தெரிந்தது. தனி வெண்கரு பஞ்சுபோல் பிய்ந்து நீர் விட்டது. டார்டர் நுரை பளபளப்பு குறையாமல், பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் நகராமல் இருந்தது. அரை மணி நேரம் வடிகட்டியில் வைத்தபோதும் அதிலிருந்து சில துளிகளே இறங்கின.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சேர்க்க வேண்டும். அமிலம் கந்தகத்தை அடக்குவதோடு நிற்பதில்லை. காரத்தன்மை மிகுந்த வெண்கருவில் ஓவால்புமின் மூலக்கூறுகள் எல்லாம் எதிர்மின்னூட்டம் மிகுந்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். பிஎச் 4.5ஐ நெருங்க நெருங்க அந்த மின்னூட்டம் குறைந்து, மூலக்கூறுகள் குமிழியின் பரப்பில் நெருக்கமாக அடைய முடிகிறது. பலவீனமான, மீண்டும் சேரக்கூடிய முடிச்சுகள் கூடுதலாகவும், இறுக்கிப் பிழியும் கந்தக முடிச்சுகள் குறைவாகவும் அமைந்த வலை இப்படித்தான் கிடைக்கிறது. அதே காரணத்தால் அளவு மீறிய அமிலமும் நல்லதன்று. புளிப்புச் சுவை தெரிவது ஒருபுறம் இருக்க, நுரை எழும்புவதும் மிகவும் தாமதமாகும்.

சோதனையைப் பார்த்துக்கொண்டிருந்த உரிமையாளரின் தாயார் உள்ளே போய் ஒரு பழைய செப்புப் போசியை எடுத்துவந்தார். "செம்புல அடிச்சா நொரை நிக்கும்னு டிவியில சொன்னாங்க அம்மிணி. இது எங்க மாமியார் காலத்துதுங்க, ஒருக்கா போட்டுத்தான் பாரேன்" என்றார். கைக்கம்பியால் அடித்துப் பார்த்தோம். எவர்சில்வர் பாத்திரத்தில் வந்ததற்கும் இதற்கும் எந்த வேறுபாடும் இல்லை. அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. எனக்கோ அந்தத் தோல்விதான் அன்றைய நாளின் மிகத் தெளிவான சான்றாகப் பட்டது. போசியின் வெளிப்புறம் செந்நிறமாகவும் உட்புறம் சாம்பல் கலந்த வெள்ளையாகவும் இருந்தது. நம் வீடுகளில் சமைக்கும் செப்புப் பாத்திரங்களுக்கு, புளிப்பு பட்டால் களிம்பு ஏறும் என்பதற்காக, உள்ளே ஈயம் பூசுவார்கள். பேச்சில் ஈயம் என்றாலும் பூசப்படுவது வெள்ளீயம். வெண்கரு தொட்டது வெள்ளீயத்தை மட்டுமே. செம்பு அதற்கு எட்டவே இல்லை.

பக்கத்து வீட்டில் தண்ணீர் வைக்கும், பூச்சு இல்லாத அகன்ற செப்புப் பாத்திரம் ஒன்று கிடைத்தது. அதைப் புளியும் உப்பும் வைத்துத் தேய்த்து, நன்றாக அலசி, துடைத்து உலர்த்தினோம். தேய்த்த இடம் இளஞ்சிவப்பாகத் தெளிந்தால் அது வெறும் செம்பு. வெண்மை மாறாமல் இருந்தால் பூச்சு இருக்கிறது என்று கொள்ளலாம். கடையில் புதிதாக வாங்கும் அலங்காரப் பாத்திரங்களில் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு இருப்பதும் உண்டு. அதுவும் செம்பை மறைத்துவிடும். இந்தப் பாத்திரத்தில் அடித்த நுரை, கையால் அடித்ததால் நெடுநேரம் எடுத்தாலும், மென்மையாக வந்து, கூடுதலாக அடித்தபோதும் பிய்யாமல் நின்றது. வெள்ளைத் துணியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நுரையில் இலேசான பொன்மஞ்சள் சாயல் தெரிந்தது.

அந்தச் சாயலுக்குப் பின்னால் ஓர் ஆய்வு வரலாறு இருக்கிறது. கம்பி உரசும் ஒவ்வொரு சுற்றிலும் பாத்திரத்திலிருந்து மிக நுண்ணிய அளவில் செப்பு அயனிகள் வெண்கருவில் கலக்கின்றன. வெண்கருப் புரதத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு உள்ள ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம், உலோக அயனிகளை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. இரும்பைப் பற்றினால் இளஞ்சிவப்பாகவும் செம்பைப் பற்றினால் மஞ்சளாகவும் மாறும். 1984ஆம் ஆண்டு உணவு அறிவியல் எழுத்தாளரான ஹெரால்டு மெக்கீ, ஷாரன் லாங், வின்ஸ்லோ பிரிக்ஸ் ஆகிய மூவரும் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியிட்ட கட்டுரையில், செம்பைப் பற்றிய இந்தப் புரதம் எளிதில் அவிழாமல் இருப்பதே செப்புப் பாத்திர நுரையின் உறுதிக்குக் காரணம் என்று கருதினார்கள். மஞ்சள் சாயல் அந்த விளக்கத்துக்குக் கண்கூடான ஆதாரமாகத் தோன்றியது.

ஆனால் மெக்கீ பிற்பாடு வெள்ளி முலாம் பூசிய பாத்திரத்தில் அடித்துப் பார்த்தபோது அதிலும் நுரை கெடாமல் நின்றது. வெள்ளி ஓவோடிரான்ஸ்ஃபெரினோடு சேர்வதில்லை. எனவே முதல் விளக்கம் மட்டும் போதாது என்று அவரே திருத்திக்கொண்டார். செம்புக்கும் வெள்ளிக்கும் பொதுவான பண்பு, இரண்டும் கந்தகத்தோடு ஆவலாகக் கூடுபவை என்பதே. முட்டை தின்ற வெள்ளிக் கரண்டி கறுத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. வெளிப்பட்ட கந்தக முனையில் ஓர் உலோக அயனி வந்து அமர்ந்துகொண்டால், அந்த முனை பக்கத்து மூலக்கூறின் கந்தகத்தோடு கைகோக்க முடியாது. ஓவோடிரான்ஸ்ஃபெரினின் பங்கு முற்றிலும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மஞ்சள் நிறம் அந்தச் சேர்க்கை நடக்கிறது என்பதைக் காட்டத்தான் செய்கிறது. ஆனால் நுரையைப் பிழியாமல் காப்பது கந்தகத்தின் மேல் நடக்கும் வேலை என்பதே எனக்கு ஏற்புடைய விளக்கம். அமிலம் ஹைட்ரஜனைக் கந்தகத்தோடு பிடித்து வைத்து அடக்குகிறது. செம்பு தானே கந்தகத்தின் மேல் உட்கார்ந்து அடக்குகிறது. இரு வழிகளும் சென்று சேரும் இடம் ஒன்றே.

ஒன்றே என்பதனால் இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரட்டிப்புப் பயன் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. உரிமையாளரும் உடனே அதைத்தான் கேட்டார். அமிலம் சேர்ந்த வெண்கருவைச் செம்பில் அடித்தால் செம்பு தேவைக்கு மேல் கரைந்துவிடும். மிகுதியான செம்பு குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கக் கூடியது. அமிலம் இல்லாமல் அடித்து, உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் கரையும் அளவு மிகச் சிறியது. செம்பிலேயே நுரையை விட்டுவைப்பதும், களிம்பு ஏறிய பாத்திரத்தை அப்படியே பயன்படுத்துவதும் தவறு.

மக்ரூன் ஏன் அடுப்பில் அமுங்கியது என்பதற்கும் இப்போது விடை சொல்லலாம். அடுப்புக்குள் போன நுரையின் காற்றுக் குமிழிகள் சூட்டில் விரிகின்றன. அந்த விரிவுக்கு இடம் கொடுத்து வலை நெகிழ வேண்டும். பிறகு ஏறத்தாழ 80 பாகை செல்சியஸில் ஓவால்புமின் உறைந்து கூம்பை நிலைநிறுத்த வேண்டும். அடிக்கும்போதே கந்தகப் பிணைப்புகளால் இறுகிவிட்ட வலைக்கு நெகிழ இடமில்லை; குமிழிகள் விரியும்போது அது கிழிகிறது. பிழிந்து வெளியேறிய நீர் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு அடியில் பாகாக இறங்குகிறது. உச்சி மடிந்ததும் காகிதம் ஒட்டியதும் ஒரே குறையின் இரண்டு முகங்கள்.

அந்த அடுமனைக்குச் செம்பு பொருந்தாது. இயந்திரத்தின் கிண்ணம் எவர்சில்வர். முப்பது வெண்கருவைத் தினமும் கையால் அடிக்க ஆளில்லை. எனவே ஓர் அட்டைக்கு 15 கிராம் கிரீம் ஆஃப் டார்டர் என்று முடிவு செய்து, சிறு தராசில் நிறுத்துப் பொட்டலமாகக் கட்டி வைக்கச் சொன்னேன். அது குளிர்ந்த நீரில் எளிதில் கரையாது. அறை வெப்பத்தில் 100 மில்லிக்கு அரை கிராமை ஒட்டியே கரையும். வெண்கருவின் காரத்தோடு வினைபுரியும்போதுதான் மீதியும் மெல்லக் கரைகிறது. ஆகையால் நுரை விறைத்த பின் தூவினால் பயனில்லை, பல்லில் நறநறவென்று தட்டுப்படும். முதல் குமிழிகள் தோன்றும்போதே சலித்துச் சேர்த்துவிட வேண்டும். தூள் தீர்ந்துபோன நாளில் ஒரு வெண்கருவுக்கு அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு அதே வேலையைச் செய்யும். சமையல் சோடாவை மாற்றாகப் போடக் கூடாது. அது காரம், ஏற்கெனவே ஏறியிருக்கும் பிஎச்சை இறங்க விடாது. அந்தக் கடையில் ஒருமுறை அப்படிச் செய்தும் பார்த்திருக்கிறார்கள் என்பது பேச்சுவாக்கில் தெரியவந்தது.

மஞ்சள் கருவின் கொழுப்பு ஒரு துளி கலந்தாலும் டார்டரோ செம்போ காப்பாற்றாது, ஏனெனில் கொழுப்பு குமிழியின் பரப்பில் புரதத்துக்குரிய இடத்தையே பிடித்துக்கொள்கிறது. கந்தகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதற்காக ஒவ்வொரு முட்டையையும் சிறு கிண்ணத்தில் தனியாக உடைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய கிண்ணத்தில் சேர்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தினோம். முட்டை அட்டைகள் அடுமனைச் சுவரை விட்டுக் கடையின் பின்புறத் தாழ்வாரத்துக்குப் போயின. பழையதை முதலில் எடுக்கும்படி தேதி எழுதி வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் போனபோது உதவியாளர் வழக்கம்போல இயந்திரத்தை ஓடவிட்டு முந்திரி சலித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் நுரை பளபளப்பு மாறாமல் சுழன்றுகொண்டிருந்தது. அந்த ஈயம் பூசிய போசியில் அன்று அரிசிம்பருப்புச் சோறு வெந்துகொண்டிருந்தது.